மூன்றாம் அலகு, இந்த ஆண்டு முதல்

பாடத்திட்டக் குழு என்றால் வெளியில் இருப்பவர்களுக்குப் பெரிய மரியாதை. அறிவாளிகள் கூடி உட்கார்ந்து வருங்காலத்தையே தீர்மானிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பாதி நேரம், வெளியூர் நிபுணர் திரையில் வாயை அசைத்துக்கொண்டே இருப்பார். "சார், மைக்கைப் போடுங்க" என்று நாங்கள் கத்திக்கொண்டிருப்போம். மீதி நேரம் பிஸ்கட் தட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். அதற்கு நடுவில் ஒரு பாடம் போகும், ஒரு பாடம் வரும். எங்கள் கடல் உயிரியல் துறைக்கு நான்தான் குழுத் தலைவர். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். பிஸ்கட்டை முதலில் என் பக்கம் தள்ளுவது அதனால்தான்.

அன்றைக்கு யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

காரணம் நண்டு சார். நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து செய்து, மாணவர்கள் வைத்த பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. எங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் பேராசிரியர், குழுவில் பல வருட உறுப்பினர். கூட்டத்தில் என்னை 'மேடம்' என்பார். வாசல் தாண்டினால் 'அக்கா'. அவர் ஒரே மகள் எங்கள் துறையில்தான் இரண்டாம் ஆண்டு படித்தாள். போன வருடக் களப்பயிற்சியில் கடல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டம் இது. வரமாட்டார் என்று நினைத்தேன். எல்லாருக்கும் முன்னால் வந்து, எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளத்துப்போயிருந்தது.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கடலோரப் பாறைத்திட்டுக்குக் கூட்டிப்போவோம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் பாறையில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் உயிர்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, தண்ணீர் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் எப்போது ஏறும் என்று கைபேசிச் செயலி சொல்லும். ஆனால் அது சொல்வது பெரிய துறைமுகத்தின் நேரம். எங்கள் பாறைத்திட்டு அங்கிருந்து தள்ளி, வளைகுடாவின் வாயில் இருக்கிறது. அங்கே தண்ணீர் முந்திக்கொண்டு ஏறும். அவளுடைய குழுவில் மற்றவர்கள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்துவிட்டார்கள். கடைசிச் சட்டம் ஒன்று பாக்கி. செயலியின்படி இன்னும் அரை மணி நேரம் இருந்தது. "நீங்க போங்க, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றிருக்கிறாள். அவளுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் அதற்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது.

துறைமுக நேரத்தைப் பாறைத்திட்டின் நேரமாகத் திருத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. களமுறைப் பாடத்தில் மூன்றாம் அலகாக அது ஒரு காலத்தில் இருந்தது. பிறகு மாணவர் சுமையைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் ஓர் அலகு போக வேண்டும். அப்போது இதே அறையில், இதே குழு, மூன்றாம் அலகை எடுத்துவிட்டது. 'செயலிகள் கைவசம் இருப்பதால் இவ்வலகு தேவையற்றது' என்று காரணம் எழுதினோம். முன்மொழிந்தவர் நண்டு சார். வழிமொழிய நான் உட்படப் பலர் கை தூக்கினோம். அப்போது அவர் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இது பழைய உறுப்பினர்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவிக்கு மட்டும் தெரியாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பல்கலைக்கழக விசாரணை அறிக்கை சொன்னதுதான்: மாணவியின் கவனக்குறைவே காரணம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக அவள் என்ன பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். "கடையில மீதிச் சில்லறையைக்கூட ரெண்டு தடவை எண்ணிப் பாக்கற பொண்ணு அக்கா அவ, எப்படிக் கவனமில்லாம இருந்திருப்பா" என்று போனில் அழுவாள். நானும் சேர்ந்து அழுவேன். உண்மையைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் அவள் புருஷன், நான் யார் நடுவில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் அலகைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அன்றைய நான்காவது பொருள். எந்த மாற்றத்தையும் தீர்மானமாக எழுதும்போது மூன்று விஷயம் வேண்டும்: என்ன மாற்றம், எதற்காக, எப்போதிலிருந்து. முன்தினமே நான் வரைவைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'கல்வித் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு' என்று காரணம் போட்டிருந்தேன். உப்புச் சப்பில்லாத வாக்கியம்தான். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். அந்த மனிதரை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நாலாவது பொருளுக்கு நீங்க வேணும்னா கொஞ்சம் வெளிய இருங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறோம்" என்றேன் அவரிடம்.

"இல்ல மேடம், இருக்கேன்."

வரைவை வாசித்தேன். மென்பொருள் பற்றிய அலகைச் சுருக்கிவிட்டு அந்த இடத்தில் ஓதக் கணக்கு, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தைத் திருத்தும் கணக்கு. மொத்த நேரத்திலோ மதிப்பெண்ணிலோ மாற்றம் இல்லை. வரும் கல்வியாண்டில் சேரும் மாணவர்கள் முதல் அமலுக்கு வரும். திரையில் இருந்த நிபுணர் ஏதோ சொன்னார், மைக் போடவில்லை. தலையாட்டலை வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

"அடுத்த பொருள்" என்று தாளைத் திருப்பினேன்.

"மேடம்" என்றார் நண்டு சார். "அடுத்த வருஷம் சேர்றவங்க பாறைக்குப் போறது ரெண்டாம் வருஷத்துல. இப்ப ரெண்டாம் வருஷத்துல இருக்கறவங்க?"

"அவங்க பழைய பாடத்திட்டம்."

"முதல் வருஷத்துல இருக்கறவங்க?"

"அவங்களும் பழசுதான். சேர்ந்தப்ப இருந்த பாடத்திட்டம்தானே கடைசிவரைக்கும்."

"அப்போ ரெண்டு வருஷத்துப் பசங்க அந்தக் கணக்குத் தெரியாமலே பாறையில ஏறுவாங்க."

போன வருடம் மாணவர்களைக் கூட்டிப்போன இளம் ஆசிரியர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் படித்தது துறைமுக ஊரில். செயலியின் நேரமும் கடலின் நேரமும் அங்கே ஒன்றுதான். எங்கள் பாறைத்திட்டின் கணக்கை அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சார், இந்த வருஷமும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். பாடத்துல இல்லன்னாலும் நான் சொல்லிக் குடுத்துடறேன் சார். சத்தியமா."

"நீங்க சொல்லிக் குடுப்பீங்க தம்பி. எனக்குத் தெரியும்" என்றார் நண்டு சார். குரலில் கோபம் இல்லை. "நானும் அப்படித்தான் நினைச்சேன். பாடத்துல இருந்து எடுத்தா என்ன, போற அன்னிக்கு வாத்தியார் வாயால சொல்லிட்டா போச்சுன்னு. முதல் வருஷம் சொன்னாங்க. அடுத்த வருஷம் பஸ்ஸுலேயே சொன்னாங்க. அப்புறம் அந்த வாத்தியார் ரிட்டையர் ஆனார். பாடத்துல இல்லாததை யாரும் வேணும்னு மறக்கறதில்ல, தானா போயிடும்."

இளம் ஆசிரியர் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா தொண்டையைச் செருமினார். கூட்டக் குறிப்பை மடிக்கணினியில் அடிப்பவர் அவர்தான். விதி எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்; அவர் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதுதான் காரணம்.

"மேடம், படிச்சிட்டு இருக்கறவங்களுக்குக் கொண்டு வரலாம். களப்பயிற்சிக்கு முன்னால கட்டாய வகுப்புன்னு, மதிப்பெண் இல்லாம. முடிக்காதவங்க பஸ்ஸுல ஏற முடியாதுன்னு போடலாம். ஆனா ஒப்புதல் குடுக்க வேண்டிய கல்விப் பேரவை கூடறதுக்குள்ள பயிற்சி வந்துடும். துணைவேந்தர் தனியா ஒப்புதல் குடுத்து, பேரவை அப்புறம் ஏத்துக்கணும். அதுக்கு அவசரம்னு காட்டணும்" என்றார்.

"காட்டுங்க."

"'கல்வித் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு'ன்னு எழுதினா என்ன மேடம் அவசரம்? அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. காரணம் என்னவோ அதுக்குத் தகுந்த தேதிதான் கிடைக்கும்."

அவர் சொன்னது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. நான் அந்த மனிதருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து எழுதிய வாக்கியம், இரண்டு வருடத்துப் பிள்ளைகளைப் பாறையில் நிறுத்திவிட்டிருக்கிறது. என்மேல் எனக்கே அப்படிக் கோபம் வந்தது.

"அப்போ விபத்துன்னு எழுதுவோம்" என்றேன்.

"விபத்துன்னு மட்டும் எழுதினா, விசாரணை அறிக்கையைப் பாக்கச் சொல்வாங்க. அறிக்கையில கவனக்குறைவுன்னு இருக்கு. கவனக்குறைவுக்குப் பாடத்திட்டத்தை எதுக்கு மாத்தணும்னு கேப்பாங்க." கண்காணிப்பாளர் அம்மா நண்டு சார் பக்கம் திரும்பவே இல்லை. "அலகை எடுத்ததுதான் காரணம்னு எழுதினா நிக்கும். ஆனா எந்தத் தீர்மானத்துல எடுத்தோம், யார் முன்மொழிஞ்சதுன்னு குறிப்பிட்டாகணும். குறிப்பு இணையதளத்துல போகும். பதிவாளர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பார்."

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க. இதுல கையெழுத்துப் போடப்போறது நான்" என்றேன்.

நண்டு சார் எழுந்து நின்றார். எங்கள் கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை.

"எழுதிக்கோங்கம்மா. நானே சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்லக் கண்காணிப்பாளர் அம்மா அடித்தார். 'சென்ற ஆண்டு களப்பயிற்சியில் ஒரு மாணவி உயிரிழந்தார். அவர் நேரத்தைப் பார்த்தே செயல்பட்டார். அவர் பார்த்தது துறைமுகத்தின் நேரம். அதைத் திருத்தும் கணக்கு அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. அக்கணக்கு அடங்கிய அலகை இக்குழு முன்பு நீக்கியிருந்தது.' அதோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "நீக்க முன்மொழிஞ்ச உறுப்பினர் பேரைப் போடுங்க. இப்ப திரும்பச் சேர்க்க முன்மொழியறதும் அதே உறுப்பினர்னு போடுங்க" என்றார்.

"சார், நீங்க முன்மொழியணும்னு இல்ல. நான் பண்றேன்" என்றார் இளம் ஆசிரியர்.

"வேண்டாம் தம்பி. நான் எடுத்தது, நானே வைக்கறேன்."

வழிமொழிவதற்கு எல்லாரும் கை தூக்கினோம். திரையில் நிபுணரும் தூக்கினார். கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எப்போ முதல்னு போட மேடம்?" என்று கேட்டார்.

"இந்த ஆண்டு முதல்."

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் ஜன்னலோரத்திலேயே இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே மாணவர்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, வரைவு எப்போ வரும்?"

"நாளைக்கு எல்லாருக்கும் மெயில் வரும். திருத்தம் இருந்தா ஒரு வாரத்துல சொல்லணும். அப்புறம் கையெழுத்து."

"இன்னிக்கே ஒண்ணு அச்சுப் போட்டுக் குடுங்க. இணையதளத்துல வந்து, யாரோ சொல்லி வீட்டுல அவளுக்குத் தெரியக் கூடாது. நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"வாயால சொல்லிடேன்."

"எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன் அக்கா. 'கவனக்குறைவு'ன்னு அவ அழும்போதெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து தட்டிக் குடுத்துட்டு இருந்தேன். என் பொண்ணு மேல பழி போட்டு என்னைக் காப்பாத்திக்கிட்டேன். அப்பன் செய்யற வேலையா இது?" குரல் உடைந்துவிட்டது. "அவ என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னா போறேன். சொல்லணும்."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டிருப்பேன், போன் வந்தது. அவர் மனைவி. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும், 'உங்களுக்கும் தெரிந்துதானே இருந்தது' என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் பயம்.

"அக்கா, படிச்சிட்டேன்."

"ம்."

"இந்த வருஷப் பிள்ளைங்களுக்கே உண்டா? தேதி சரிதானே?"

"சரிதாம்மா. கணக்குத் தெரியாம ஒருத்தரும் பஸ்ஸுல ஏற முடியாது."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நேரத்தைப் பார்த்தே செயல்பட்டார்னு போட்டிருக்கு. நான் சொன்னேன்ல அக்கா? ரெண்டு தடவை எண்ணிப் பாக்கற பொண்ணுன்னு சொன்னேன்ல?"

"ஆமாம்மா, சொன்னே. நீ சொன்னதுதான் சரி."

"ஒண்ணு கேக்கணும். இதுல அவர் பேரு ரெண்டு இடத்துல இருக்கு. என் பொண்ணு பேரு எங்கேயும் இல்ல. ஒரு மாணவின்னு இருக்கு."

"கூட்டக் குறிப்புல மாணவர் பேரு போடற வழக்கம் இல்லம்மா" என்றேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கவனக்குறைவுன்னு எழுதினப்ப மட்டும் பேரு, இனிஷியல், பதிவு எண், எந்த வருஷம், எந்த வகுப்பு, எல்லாம் போட்டிருந்தாங்களே அக்கா. அவ மேல தப்பில்லைன்னு எழுதும்போது அவ யாரோ ஒரு மாணவியா?"

அறிக்கை என்னிடமும் இருக்கிறது. அவள் சொன்னது உண்மை. முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் மகள் பெயர். அதை வாசித்தபோது எனக்குத் தோன்றாதது, அன்றைக்கு அறையில் ஒருவருக்கும் தோன்றாதது, பெற்றவளுக்குத்தான் தோன்றியது.

"போடறேம்மா. இன்னும் வரைவுதான், திருத்தலாம். இப்பவே போடறேன்" என்றேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "அவர் எங்க?" என்றேன்.

"வாசப்படியில உட்கார்ந்திருக்கார். காகிதத்தைக் குடுத்துட்டுப் போய் உட்கார்ந்தவர்தான், உள்ள வரல. ஒண்ணும் சாப்பிடவும் இல்ல. நான் கூப்பிடுவேனா மாட்டேனான்னு பாத்துட்டு இருக்கார்."

"கூப்பிடும்மா. பாவம்."

"பாவம்தான். நான் மட்டும் என்ன?" அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "அவ பேரைப் போட்டுட்டுச் சொல்லுங்க அக்கா. அதுக்கப்புறம் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். 'ஒரு மாணவி' என்பதை அழித்தேன். இனிஷியலோடு அவள் பெயரை அடித்தேன், பதிவு எண்ணை அடித்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். கண்காணிப்பாளர் அம்மாவுக்கு அனுப்பினேன். வழக்கமில்லை என்று பதில் வரும், சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். 'பதிவு எண் சரிபார்த்தேன் மேடம், சரியாக உள்ளது' என்று மட்டும் பதில் வந்தது.

போன் செய்து சொன்னேன். "சரி அக்கா" என்றாள். போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. செருப்பு தேயும் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க" என்றாள். "அவ பேரைப் போட்டுட்டாங்களாம்."